சான்றிதழ் அசல்தானா? பதிவேட்டைக் கேளுங்கள்

சான்றிதழின் மூலையில் கியூஆர் கோடு இருந்தாலே அது அசல் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்கு அப்படி ஒரு சக்தியும் கிடையாது. ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவருடைய குழுவினரும் 1994-ல் அதை உருவாக்கியது, தொழிற்சாலையில் வாகன உதிரிப்பாகங்களைப் பிழையில்லாமல் கணக்கு வைப்பதற்காக. உள்ளே என்ன எழுத்தைப் போட்டாலும் அது ஏற்றுக்கொள்ளும். யார் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் தன் போனிலேயே ஒன்றைச் செய்துவிடலாம். ஆகவே போலிச் சான்றிதழ் அடிப்பவர் அதில் ஒரு கியூஆர் கோடையும் சேர்த்தே அடிப்பார்.

பாதுகாப்பு இருப்பது அந்தக் கோடு கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில். பயிற்சி மையத்தின் சொந்த இணைய முகவரியில் ஒரு பதிவேடு இருக்க வேண்டும்; கையில் இருக்கும் தாளில் எழுதியிருப்பதும் அந்தப் பதிவேட்டில் இருப்பதும் ஒன்றுதானா என்று எவரும் பார்த்துக்கொள்ள முடிய வேண்டும். இதை நன்றாகச் செய்வதற்குப் பெரிய பணமோ பெரிய குழுவோ தேவையில்லை. ஆனால் தவறு நேரக்கூடிய இடங்கள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கோட்டைவிட்டாலும் மொத்த ஏற்பாடும் அலங்காரமாகிவிடும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். திருப்பூரில் டேலியும் ஜிஎஸ்டி கணக்கும் சொல்லித்தரும் ஒரு சிறிய பயிற்சி மையம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேட்சுக்கு நாற்பது பேர், மூன்று மாதப் படிப்பு. அங்கே படித்து முடித்த ப. கோமதி ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கர் வேலைக்குப் போகிறார். அவர் கொடுக்கும் சான்றிதழை அந்த நிறுவனத்தின் மேலாளர் சரிபார்க்க வேண்டும். மையத்தின் முகவரியை இங்கே `example.org` என்றே எழுதுகிறேன். உதாரணங்களுக்காகவே ஒதுக்கப்பட்ட முகவரி அது.

முதல் வேலை, சான்றிதழுக்கு எண் கொடுப்பது. வழக்கமாக 2025/001, 2025/002 என்று வரிசையாகப் போடுவார்கள். அலுவலகக் கோப்புக்கு அது சரி. ஆனால் அதே எண்ணைச் சரிபார்ப்பு முகவரியிலும் வைத்தால், எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய் மையத்தில் படித்த அத்தனை பேருடைய பெயரையும் மதிப்பெண்ணையும் ஒருவர் அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம். அப்படி எடுத்த பட்டியல் இன்னொன்றுக்கும் பயன்படும். படிப்பே முடிக்காத ஒரு கார்த்திக், பட்டியலில் இருக்கும் வேறொரு கார்த்திக்கின் எண்ணைத் தேடி எடுத்துத் தன் தாளில் போட்டுக்கொள்வார். மேலாளர் ஸ்கேன் செய்தால் அசல் பக்கம் வரும், பெயரும் பொருந்தும். தாள் மட்டும் போலி.

ஆகவே எண்ணை ஊகிக்கவே முடியாதபடி, குருட்டுப்போக்கில் எடுக்க வேண்டும். பத்து இலக்கங்களும் இருபத்திரண்டு ஆங்கில எழுத்துகளும் கொண்ட தொகுப்பிலிருந்து பன்னிரண்டைப் பொறுக்கினால் போதும். ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பும் `I`, `L`, `O` ஆகியவற்றையும், கூடவே `U`-வையும் விட்டுவிடும் பழக்கம் உண்டு. யாராவது தாளைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்யும்போது பிழை குறையும். பைத்தான் மொழியில் இது மூன்றே வரி:

```python
import secrets
A = "0123456789ABCDEFGHJKMNPQRSTVWXYZ"
print("".join(secrets.choice(A) for _ in range(12)))
```

இங்கே `secrets` என்பதற்குப் பதில் சாதாரண `random` போடக் கூடாது. அது தரும் எண்களில் போதுமான அளவு பார்த்துவிட்டால், அடுத்து வரப்போவதைக் கணக்கிட்டுவிட முடியும். பன்னிரண்டு எழுத்துகளில் சாத்தியமான எண்கள் எத்தனை என்றால், நொடிக்கு ஆயிரம் வீதம் முயன்றாலும் அத்தனையையும் பார்த்து முடிக்க மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கோமதிக்கு `7K3M9QXTP4WD` என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். கோப்புக்கான வரிசை எண்ணும் அவருக்கு இருக்கலாம். அது அலுவலகத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

அடுத்து, கியூஆர் கோடுக்குள் என்ன போடுவது? இந்த முகவரி மட்டும் போதும்:

```
https://verify.example.org/c/7K3M9QXTP4WD
```

பெயரையும் படிப்பையும் இங்கே சேர்க்கக் கூடாது. சில மையங்களுக்கு அவசரத்தில் செய்துகொடுக்கப்படும் பக்கங்களில் `?name=Gomathi&course=Tally` என்று முகவரியிலேயே எல்லாம் இருக்கும். பக்கம் அதை வாங்கி அழகான சட்டத்துக்குள் பச்சை நிறத்தில் காட்டும். பெயரை மாற்றி எழுதினால் மாற்றிய பெயரையும் அதே பச்சையில் காட்டும். பதிவேடு என்ற ஒன்றே அதன் பின்னால் கிடையாது. உங்கள் மையத்துக்கு யாராவது இப்படி ஒன்றைச் செய்துகொடுத்திருந்தால், முகவரியில் உள்ள பெயரை மாற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கியூஆர் கோடை இலவசமாகச் செய்துதரும் இணையதளங்களிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அவற்றில் சில, உங்கள் முகவரிக்குப் பதிலாகத் தங்கள் முகவரி ஒன்றைக் கோடுக்குள் வைத்து, அங்கிருந்து உங்கள் பக்கத்துக்குத் திருப்பிவிடும். டைனமிக் கியூஆர் என்பார்கள். இலவசக் காலம் முடிந்ததும் அந்த வழி அடைபட்டு, பணம் கட்டச் சொல்லும் பக்கம் வரும். அதற்குள் மாணவர்கள் சான்றிதழோடு ஊர் ஊராகப் போயிருப்பார்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் போனில் ஸ்கேன் செய்து, திரையில் முதலில் தோன்றும் முகவரி உங்களுடையதுதானா என்று எழுத்தெழுத்தாகப் படித்துவிட வேண்டும்.

அச்சு விஷயத்தில் சொல்ல அதிகம் இல்லை. மேலே உள்ள அளவிலான முகவரி, பக்கத்துக்கு 29 கட்டங்கள் கொண்ட கோடில் அடங்கிவிடும். இரண்டரை சென்டிமீட்டர் சதுரமாக அச்சிட்டால் எந்தப் போனும் படிக்கும். கோடைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை இடம் விட வேண்டும். அலங்காரக் கோடு அதன்மேல் ஏறினாலோ, பின்னணியில் பொன்னிறப் பூச்சு இருந்தாலோ ஸ்கேன் தடுமாறும். பக்கத்திலேயே முகவரியையும் எண்ணையும் படிக்கிற எழுத்தில் அச்சிடுவது கட்டாயம். அது ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது சரிபார்ப்புப் பக்கம். மேலாளர் ஸ்கேன் செய்ததும் என்ன தெரிய வேண்டும்? “செல்லுபடியாகும்” என்று ஒரு பச்சைக் குறி மட்டும் காட்டினால் அந்தப் பக்கத்தால் பயனில்லை. கோமதியின் சான்றிதழை வாங்கி, பெயரை மட்டும் மாற்றி, கோடை அப்படியே விட்டு இன்னொருவர் அச்சிட்டால் அந்தக் குறி அப்போதும் பச்சையாகவேதான் எரியும். பக்கம் சொல்ல வேண்டியது பெயர், படிப்பு, தொடங்கிய நாள், முடித்த நாள், தரம், வழங்கிய நாள். கூடவே “தாளில் உள்ளதும் இங்குள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்” என்று ஒரு வரி. ஒப்பிடும் வேலையை மனிதர்தான் செய்கிறார். அதை அவர் செய்வதற்கு வசதியாகப் பக்கத்தில் உள்ள வரிசையும் தாளில் உள்ள வரிசையும் ஒரே மாதிரி இருப்பது நல்லது.

பிறந்த தேதி, போன் எண், ஆதார் எண், முகவரி ஆகியவற்றில் எதுவும் அந்தப் பக்கத்தில் வரக் கூடாது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொன்ன காரியத்துக்குத் தேவையான அளவுக்கே தகவலைக் கையாளச் சொல்கிறது. அதோடு, சேர்க்கைப் படிவத்திலேயே “என் பெயரும் படிப்பும் தரமும் சரிபார்ப்புப் பக்கத்தில் தெரிவதற்குச் சம்மதம்” என்று மாணவரிடம் எழுதி வாங்கிவிடலாம். பெயரைக் கொடுத்துத் தேடும் வசதியைப் பக்கத்தில் வைக்கக் கூடாது. கூகுள் போன்ற தேடுபொறிகள் பக்கத்தைத் தங்கள் பட்டியலில் சேர்க்காமலிருக்க `<meta name="robots" content="noindex">` என்ற வரி வேண்டும்.

ஒரே பெயர்க்காரர்களின் சிக்கல் இதற்குப் பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஒருவருடைய சான்றிதழ் நகல் அதே பெயருள்ள இன்னொருவர் கையில் கிடைத்துவிடலாம். அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பிறந்த தேதியைப் பக்கம் காட்டாது. மேலாளர் வேட்பாளரின் அடையாள அட்டையைப் பார்த்துத் தேதியைத் தட்டினால், “பொருந்துகிறது” அல்லது “பொருந்தவில்லை” என்று மட்டும் சொல்லும். ஐந்து முறைக்கு மேல் தவறாகத் தட்டினால் அந்த எண்ணுக்கு ஒரு மணி நேரம் பூட்டிவிடலாம்.

வெளியாரைத் தடுப்பதற்கு இவ்வளவு போதும். உள்ளே இருப்பவரைத் தடுப்பதுதான் கடினம். டேட்டாபேஸின் கடவுச்சொல் தெரிந்த ஓர் ஊழியர், ஒரு வரியில் “இரண்டாம் தரம்” என்பதை “முதல் தரம்” என்று மாற்றினால் பக்கம் அதையும் காட்டும். சர்வருக்குள் புகுந்துவிட்ட ஒரு திருடரும் இதையே செய்யலாம். டிஜிட்டல் கையொப்பம் தேவைப்படுவது இங்கேதான்.

அதில் ஒரு ஜோடிச் சாவிகள் உண்டு. தனிச்சாவி கையெழுத்துப் போடும். பொதுச்சாவி அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும். அதை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட முடியாது. கோமதியின் விவரம் இப்படி ஒரு சிறு கோப்பாகிறது:

```
எண்: 7K3M9QXTP4WD
பெயர்: ப. கோமதி
பயிற்சி: டேலி, ஜிஎஸ்டி கணக்கு
காலம்: 2025-01-06 முதல் 2025-04-04 வரை
தரம்: முதல் தரம்
வழங்கிய நாள்: 2025-04-11
```

இதில் தனிச்சாவியால் கையெழுத்துப் போட்டால் 64 பைட் நீளமுள்ள ஒரு கையொப்பம் கிடைக்கும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருளின் 3.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் போதும். சாவிகளைச் செய்யவும், கையெழுத்திடவும், சரிபார்க்கவும் கட்டளைகள் இவை:

```
openssl genpkey -algorithm ed25519 -out private.pem
openssl pkey -in private.pem -pubout -out public.pem
openssl pkeyutl -sign -inkey private.pem -rawin -in cert.txt -out cert.sig
openssl pkeyutl -verify -pubin -inkey public.pem -rawin -in cert.txt -sigfile cert.sig
```

தனிச்சாவி எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. சர்வரில் அதை வைத்தால், சர்வரைப் பிடித்தவர் சாவியையும் பிடித்துவிடுவார். இணையத்தோடு சேராத ஒரு பழைய மடிக்கணினியில், கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பென்டிரைவில், முதல்வரின் பொறுப்பில் அது இருக்கட்டும். வேறொரு கட்டடத்தில் ஒரு நகலும் வேண்டும். பேட்ச் முடியும்போது நாற்பது கோப்புகளையும் அந்தக் கணினியில் கையெழுத்திட்டு, கோப்புகளையும் கையொப்பங்களையும் மட்டும் சர்வருக்கு ஏற்றினால் போதும். சரிபார்ப்புப் பக்கம் ஒவ்வொரு முறையும் முதலில் கையொப்பத்தைச் சோதித்து, பொருந்தினால்தான் விவரத்தைக் காட்ட வேண்டும். ஊழியர் தரத்தை மாற்றியிருந்தால் இங்கே பிடிபடும்.

ஆனாலும் சாவிக்கு உண்மையும் பொய்யும் தெரியாது. கையெழுத்துக்கு வரும் பட்டியலிலேயே நாற்பத்தொன்றாவதாக ஒரு பெயரைச் செருகியிருந்தால் அதற்கும் குறையில்லாத கையொப்பம் கிடைத்துவிடும். வருகைப் பதிவேட்டையும் தேர்வுத் தாளையும் பக்கத்தில் வைத்து முதல்வர் பெயர் பெயராகப் படித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். எந்தத் தொழில்நுட்பமும் இந்த வேலையை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

தமிழில் சான்றிதழ் தருபவர்கள் இந்தக் கட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது பெரும்பாலும் இருக்காது. “கோமதி” என்பதன் முதல் எழுத்தில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். `U+0BCB` என்ற ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது முன்னால் வரும் இரட்டைச் சுழிக்கு `U+0BC7`, பின்னால் வரும் காலுக்கு `U+0BBE` என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் வகையில் பெயர் 15 பைட், இரண்டாவது வகையில் 18. கையொப்பத்தைப் பொறுத்தவரை இரண்டும் வெவ்வேறு பெயர்கள். ஒரு ஊழியர் ஒரு கீபோர்டில் தட்டி, இன்னொருவர் வேறொரு கீபோர்டில் தட்டினால் இது நேரலாம். சரியான சான்றிதழையே பக்கம் போலி என்று சொல்லும். காரணத்தைக் கண்ணால் தேடிப் பிடிக்க முடியாது. தீர்வு எளிது. உள்ளே வரும் எந்த எழுத்தையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே கையெழுத்திட வேண்டும். பைத்தானில் `unicodedata.normalize("NFC", s)` அதைச் செய்துவிடும். பிடிஎஃப் செய்யும் மென்பொருளையும் ஒரு தடவை சோதியுங்கள். தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாத மென்பொருள், கொம்பையும் சுழியையும் மெய்க்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டுவிடும். “பொன்னி”, “கோமதி”, “கௌசல்யா” என்ற மூன்று பெயர்களை அச்சிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கையொப்பத்தையும் விவரங்களையும் கியூஆர் கோடுக்குள்ளேயே வைத்துவிடும் முறையும் இருக்கிறது. கோவின் தடுப்பூசிச் சான்றிதழ் அப்படித்தான் வந்தது. ஆதாரின் பாதுகாப்பான கியூஆர் கோடும் அவ்வாறே. மையத்தின் சர்வரைக் கேட்காமலே சரிபார்க்கலாம் என்பது அதன் லாபம். ஆனால் அதைப் படிக்கத் தனிச் செயலியோ தனிப் பக்கமோ வேண்டும். தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் பிடிப்பதால் கோடு அடர்ந்து, மங்கலான நகலில் படிக்க முடியாமல் போகும். வழங்கிய பிறகு ரத்து செய்த செய்தியும் அதில் தெரியாது. சிறிய மையத்துக்கு முகவரி மட்டும் கொண்ட கோடே ஏற்றது என்பது என் கருத்து. பிளாக்செயின் பற்றியும் கேட்பார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2017-ல் 111 பட்டதாரிகளுக்கு அந்த முறையில் டிஜிட்டல் பட்டம் கொடுத்துப் பார்த்தது. வழங்கிய நிறுவனத்தையே முழுதாக நம்ப முடியாத இடத்தில் அதற்கு ஒரு பயன் உண்டு. டேலி சான்றிதழுக்கு அந்தச் செலவும் சிக்கலும் தேவையில்லை.

ரத்து செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்வில் முறைகேடு தெரியவந்தால் பதிவை அழித்துவிடக் கூடாது. அழித்தால் “இப்படி எண் இல்லை” என்று வரும். பார்ப்பவர் தட்டச்சுப் பிழையோ, சர்வர் கோளாறோ என்று நினைத்துக்கொள்வார். “இந்தச் சான்றிதழ் இன்ன தேதியில் ரத்து செய்யப்பட்டது” என்று தெளிவாக வர வேண்டும். பெயரில் பிழை திருத்தும்போதும் பழைய வரியை மாற்றாமல் புதிய எண்ணில் புதிய சான்றிதழ் கொடுத்து, பழைய எண்ணில் “மாற்றுச் சான்றிதழ் வழங்கப்பட்டுள்ளது” என்று காட்டுவதே சரி.

இனி மேலாளரின் பக்கத்துக்கு வருவோம். இவ்வளவும் செய்த பிறகு போலிக்காரருக்கு மிஞ்சும் வழி ஒன்றே ஒன்று: பக்கத்தையே போலியாகச் செய்வது. `verify.example.org` என்பதற்குப் பதிலாக `verify-example.org` என்று ஒரு முகவரியை வாங்கி, மையத்தின் பக்கத்தை அப்படியே நகலெடுத்து வைத்துவிட்டு, கோடில் அந்த முகவரியைப் போடுவார். புள்ளிக்குப் பதில் சிறு கோடு, அவ்வளவுதான் வித்தியாசம். முகவரியின் பக்கத்தில் பூட்டுக் குறி தெரிந்தாலும் ஆறுதல் இல்லை. இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டது என்றுதான் அதற்குப் பொருள். எதிரே இருப்பவர் நல்லவரா என்பதை அது சொல்லாது. மையத்தின் கணினியில் என்ன செய்தாலும் இதைத் தடுக்க முடியாது. மேலாளர்தான் முகவரியைப் படிக்க வேண்டும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படித்தால் உண்மையான உரிமையாளர் யார் என்று தெரியும். இன்னும் உறுதியான வழி, கோடை விட்டுவிட்டு, மையத்தின் இணையதளத்துக்குத் தானாகவே போய், அங்குள்ள பெட்டியில் எண்ணைத் தட்டுவது. எண்ணைப் படிக்கிற எழுத்தில் அச்சிட வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். வேட்பாளர் தன் போனில் காட்டும் பக்கத்தையோ, எடுத்துவைத்திருக்கும் ஸ்கிரீன்ஷாட்டையோ சரிபார்ப்பாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

கடைசியாக, மையம் மூடப்பட்டால் என்ன ஆகும்? இணைய முகவரி ஆண்டுக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது. கட்டணம் கட்டாமல் விட்டால் முதலில் கோடுகள் எல்லாம் வெற்றுப் பக்கத்துக்குப் போகும். சில மாதங்களில் அந்த முகவரியை வேறொருவர் வாங்கலாம். அப்போது அசல் சான்றிதழ்களில் உள்ள அசல் கோடுகளே அவருடைய பக்கத்துக்குப் போகும். யார் பெயரை வேண்டுமானாலும் அவர் அங்கே காட்டலாம். ஒரு தவணையில் அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்கு முகவரியைப் பதிவு செய்துகொள்ளலாம். அது வலைத்தளம் செய்து கொடுத்தவரின் பெயரில் இல்லாமல் மையத்தின் பெயரில், மையத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். அதற்கும் மேலாக, சான்றிதழ் வழங்கும் நாளிலேயே கோமதிக்கு `cert.txt`, `cert.sig` என்ற இரண்டு கோப்புகளையும் அனுப்பிவிடலாம். பொதுச்சாவியைச் சான்றிதழின் பின்பக்கத்தில் அச்சிடலாம். 32 பைட் நீளம்தான் என்பதால் அது ஒரே வரியில் அடங்கும். அச்சிட்ட சாவியையும் போலியாக அடிக்க முடியும் என்பதால், அதே பேட்சில் படித்த வேறொருவரின் சான்றிதழோடு அதை ஒப்பிட வேண்டியிருக்கும். அது ஒத்துப்போனால், மையமும் சர்வரும் இல்லாமல் போன பிறகும் மேலே உள்ள நான்காவது கட்டளையைக் கொடுத்தால் திரையில் `Signature Verified Successfully` என்று வரும்.